தேனிலவுக்கு நாலு ஊர் வேண்டாம், இரண்டே போதும்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 29 வயது. சென்னையில் தனியார் நிறுவனத்தில் வேலை. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம். தேனிலவுக்கு 70,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் கடன் வாங்க விருப்பமில்லை. ஓர் ஏஜென்ட் கேரளா பேக்கேஜ் சொல்கிறார்: கொச்சி வரை விமானம், மூணாறு 2 இரவு, தேக்கடி 1, ஆலப்புழை படகு வீடு 1, கோவளம் 1, திருவனந்தபுரத்திலிருந்து திரும்ப விமானம், எல்லாம் சேர்த்து 68,000. எந்த ஊர் என்று சொல்லாமல் சர்ப்ரைஸாக அழைத்துப்போக எனக்கு ஆசை. ஆனால் அவள் போனில், "கல்யாணம் முடிஞ்சதும் ரெண்டு நாள் நல்லா தூங்கினா போதும்" என்கிறாள். இந்த பேக்கேஜை எடுக்கலாமா?

பதில்:

வணக்கம் தம்பி. எடுக்க வேண்டாம். விலை அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. விமானக் கட்டணத்தோடு பார்த்தால் அது ஊரில் நடக்கிற விலைதான். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காருக்குள் உட்கார்ந்திருப்பதற்குப் போகிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஐந்து நாளைச் சாலையில் வைத்துப் பாருங்கள். கொச்சி விமான நிலையத்திலிருந்து மூணாறு ஏற நாலு மணி நேரம். மூணாறிலிருந்து தேக்கடிக்குத் தூரம் 100 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வளைந்து வளைந்து போகிற மலைச்சாலை; மூன்றரை மணி நேரம் ஆகும். தேக்கடியிலிருந்து ஆலப்புழைக்கு நாலு மணி நேரம். படகு வீட்டில் ஏறும் நேரம் பகல் 12 மணி என்பதால் காலை ஏழரைக்கே பெட்டியைக் கட்டியாக வேண்டும். அங்கிருந்து கோவளம் இன்னும் நாலரை மணி நேரம். ஆக 16 மணி நேரம் கார்ப் பயணம். நாலு முறை பெட்டியைக் கட்டிப் பிரிக்க வேண்டும். கோவளத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சாயங்காலம். தேக்கடியிலும் அப்படித்தான்.

இன்னொன்று. ஏஜென்ட் கொடுத்த தாளில் மூணாறு இரண்டாம் நாளில் இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். வரையாடு குட்டி ஈனும் காலம் என்று அந்தப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதிவரை மூடிவிடுவார்கள். உங்கள் தேதிக்கு அந்த வரி அப்படியே இருந்தால், அந்தத் தாள் உங்களுக்காகப் போட்டது இல்லை. எல்லாருக்கும் கொடுக்கும் தாளில் உங்கள் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஏஜென்ட்டை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்.

சாப்பாட்டையும் பாருங்கள். இந்த மாதிரி பேக்கேஜில் ஹோட்டலில் காலை டிபன் மட்டும்தான் சேர்ந்திருக்கும். மூன்று வேளையும் கிடைப்பது படகில் மட்டும். மீதி நாளெல்லாம் மதியம், இரவு, டீ, தண்ணீர் பாட்டில், நுழைவுச் சீட்டு, டிரைவர் பேட்டா என்று போய்க்கொண்டே இருக்கும். 70,000-த்தில் 68,000 போக மீதி 2,000-த்தை வைத்துக்கொண்டு ஐந்து நாள் ஓட்ட முடியாது. மூன்றாம் நாளே கிரெடிட் கார்டு வெளியே வரும். புதுப்பெண் அருகில் உட்கார்ந்து மெனு கார்டைப் பார்க்கும்போது நீங்கள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அது முகத்தில் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? தேக்கடியையும் கோவளத்தையும் விட்டுவிடுங்கள். விமானத்தையும் விடுங்கள். மூணாறில் 3 இரவு, ஆலப்புழையில் 2 இரவு, போக ஒரு ரயில், வர ஒரு ரயில். சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, பலருக்கு அது இன்னும் தெரியவில்லை. 2023 ஜூனிலிருந்து சென்னை சென்ட்ரலில் இருந்து போடிநாயக்கனூருக்கு நேராக இரவு ரயில் ஓடுகிறது. வாரத்தில் மூன்று நாள்தான்: திங்கள், புதன், வெள்ளி. இரவு பத்தரைக்கு மேல் கிளம்பி மறுநாள் காலை போடியில் இறக்கிவிடும். போடியில் இறங்கினால் மூணாறு 70 கிலோமீட்டருக்குள். கொச்சியில் இறங்கி ஏறுவதை விடத் தூரம் குறைவு. திரும்பும்போது ஆலப்புழையிலிருந்து சென்னைக்கு ஆலப்புழை எக்ஸ்பிரஸ் தினமும் இருக்கிறது. மதியத்துக்கு மேல் கிளம்பி விடியற்காலையில் சென்ட்ரலுக்கு வந்துவிடும். மலையில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறீர்கள், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

கல்யாணம் ஞாயிறு என்றால், நீங்கள் கிளம்ப வேண்டியது அதற்கடுத்த வெள்ளி இரவு. இடையில் இருக்கும் நாட்களில் மறுவீடு, மாமியார் வீட்டு விருந்து, குலதெய்வக் கோயில் எல்லாம் முடிந்துவிடும். முடியாமல் கிளம்பினால் வழியெல்லாம் "எப்ப வர்றீங்க" என்று போன் வரும். திரும்பி வருவது அடுத்த வெள்ளி காலை. சனி, ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டுத் திங்கள் ஆபீஸ் போகலாம். இந்த இரண்டு நாளை விடுமுறைக் கணக்கில் சேர்க்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

ரயிலில் செகண்ட் ஏசி எடுங்கள். பெர்த் விருப்பம் கேட்கும் இடத்தில் ஒருவருக்கு சைடு லோயர், இன்னொருவருக்கு சைடு அப்பர் என்று போடுங்கள். கிடைத்தால் அந்த இரண்டு பெர்த்தும் ஒரு திரைச்சீலைக்குள் வந்துவிடும். எதிரில் வேற்றாள் இருக்க மாட்டார். நீங்கள் ஆறடி உயரம் என்றால் மட்டும் யோசியுங்கள், அந்தப் பெர்த் கொஞ்சம் நீளம் குறைவு. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது. 2024 நவம்பரில் மாற்றிவிட்டார்கள். காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்துவைத்து, காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

போடியிலிருந்து மேலே போக டாக்ஸியை அங்கே இறங்கிய பிறகு தேடாதீர்கள். தங்குமிடத்தில் சொன்னால் மூணாறிலிருந்தே கேரளப் பதிவு வண்டியை அனுப்புவார்கள். எல்லையில் பர்மிட் கட்ட வேண்டியிருந்தால் அது யார் தலையில் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். கிளம்பியவுடனே போடிமெட்டு ஏற்றம் வரும், 17 கொண்டை ஊசி வளைவுகள். உங்கள் வருங்கால மனைவிக்குப் பஸ்ஸில் தலைசுற்றல், வாந்தி வருமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். வரும் என்றால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காலை டிபன் இரண்டு இட்லியோடு நிற்கட்டும், அவர் முன் சீட்டில் உட்காரட்டும். மெட்டு தாண்டிப் பூப்பாறை, அப்புறம் தேவிகுளம் பக்கம் கேப் ரோடு. மூணாறில் நான் பார்த்த காட்சிகளில் எனக்குப் பிடித்தது அந்தக் கேப் ரோடுதான், அதற்கு டிக்கெட் கிடையாது. மேலே போகும் வழியிலேயே வருகிறது. ஓரமாக நிறுத்தச் சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்.

தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரில் "மூணாறு" என்று இருப்பதை நம்பாதீர்கள். ஆனச்சால், சித்திரபுரம், பள்ளிவாசல், சின்னக்கானல் எல்லாமே விளம்பரத்தில் மூணாறுதான். அவை மோசமான இடங்கள் இல்லை. சொல்லப்போனால் டவுனை விட அமைதியாக இருக்கும். ஆனால் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட வெளியே போக முடியாது. சின்னக்கானல் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. அதனால் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே சாப்பாடு சமைப்பார்களா என்று கேளுங்கள். சமைப்பார்கள் என்றால் டவுனுக்குத் தள்ளி, தேயிலைத் தோட்டத்தைப் பார்த்த மாதிரி பால்கனி இருக்கும் அறையை எடுங்கள். ஓர் இரவுக்கு 5,000 ரூபாய்க்குள் காலை டிபனோடு கிடைக்கும். வெந்நீர் 24 மணி நேரமா, குறிப்பிட்ட நேரம் மட்டுமா என்பதையும் கேளுங்கள். பிப்ரவரி இரவில் 10 டிகிரி பக்கம் இறங்கும். பல அறைகளில் ஹீட்டர் இருக்காது, கூடுதல் ரஜாய்தான் தருவார்கள்.

ஒரு விஷயம், பிப்ரவரி 14 உங்கள் மூணாறு நாட்களுக்குள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்த வார இறுதிக்கு வாடகை ஏறியிருக்கும். அப்போது ஒரு வாரம் தள்ளிப்போங்கள், அதே அறை குறைந்த விலைக்கு வரும். ஆனால் தேதியை நீங்கள் மட்டும் முடிவு செய்யாதீர்கள். அவருடைய மாதவிலக்கு தேதியையும் வைத்துத்தான் நாள் குறிக்க வேண்டும். நிச்சயம் ஆன பிறகும் இதைக் கேட்கப் பையன்கள் கூச்சப்படுகிறார்கள். "எந்தத் தேதி உனக்கு வசதி?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டால் போதும், காரணம் கேட்க வேண்டியதில்லை.

இப்போது ஓய்வுக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். கல்யாணப் பெண் எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார் என்று யோசியுங்கள். நலங்கு, மெஹந்தி, ரிசப்ஷனில் மணிக்கணக்காக மேடையில் நின்றது, முகூர்த்தத்துக்காக அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து அலங்காரம், அப்புறம் புது வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டுமே என்ற பயம். அவர் கேட்டது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அதைத்தான் திட்டத்தின் நடுவில் வைக்க வேண்டும்.

சனிக்கிழமை பகல் ஒன்று, ஒன்றரைக்கு அறைக்குப் போய்விடுவீர்கள். அன்று எதுவும் வேண்டாம். சாப்பிட்டுத் தூங்குங்கள். சாயங்காலம் தோட்டத்துப் பாதையில் கொஞ்சம் நடை, அவ்வளவுதான். ஞாயிறு முழுக்கக் காலி. அன்று மூணாறு டவுனும் மாட்டுப்பட்டி சாலையும் வண்டிகளால் நிரம்பிக் கிடக்கும். வெளியே போகாமல் இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. டிபன் எத்தனை மணி வரை என்று முந்தின இரவே கேட்டு, அறைக்கே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஒன்பதரைக்கு டிபன் முடிந்துவிடுமே என்று அலாரம் வைத்து எழுந்து ஓடுவீர்கள், ஓய்வு நாள் அங்கேயே கெட்டுப்போகும். டிரைவரை அன்று அழைக்கவே வேண்டாம். வண்டி வாசலில் நின்றால் "வந்ததுக்கு எதையாவது பாத்துட்டு வரலாமே" என்று தோன்றும்.

திங்கள்கிழமை ஊர் காலியாகிவிடும். காலை எட்டு மணிக்கு வண்டி வரட்டும். மாட்டுப்பட்டி அணை, குண்டளை ஏரி, டாப் ஸ்டேஷன் என்று ஒரே சாலையில் மூன்றும் வருகின்றன. இருட்டுவதற்குள் என்று அவசரமில்லாமல் மதியம் மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம். டாப் ஸ்டேஷனில் மதியத்துக்கு மேல் மேகம் ஏறிக் காட்சி மறைந்துவிடுவது சகஜம், அதனால் முதலில் அங்கே போய்விட்டுத் திரும்பும் வழியில் மற்றதைப் பாருங்கள். டிரைவர்கள் பெரும்பாலும் அருகில் இருப்பதிலிருந்து தொடங்குவார்கள், கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும். தேயிலை அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அதில் அவருக்கு ஆசை என்றால் மட்டும் ஞாயிறு பகலில் ஒரு மணி நேரம் போய்வாருங்கள்.

செவ்வாய் காலை டிபன் முடித்து ஆலப்புழைக்கு இறங்குங்கள். ஐந்திலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். இந்தப் பயணத்தில் நீளமான கார் ஓட்டம் இதுதான், இதைத் தவிர்க்க வழியில்லை. பலர் இங்கேதான் ஓர் இரவை மிச்சப்படுத்துகிறார்கள்: விடியற்காலை ஐந்துக்கு மூணாறில் கிளம்பி நேராக 12 மணிப் படகைப் பிடிப்பது. அப்படிச் செய்தால் நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்கிய அந்தப் பகல் முழுக்கத் தூங்கி வழிவீர்கள். ஏனென்றால் படகு வீடு ஓடுவது நீங்கள் நினைப்பது போல இரவெல்லாம் இல்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாப் படகும் கரையில் கட்டிவிட வேண்டும், அதற்கப்புறம் மீனவர்கள் வலை போடும் நேரம். மறுநாள் காலை ஒரு சின்னச் சுற்று, ஒன்பது மணிக்கு இறக்கிவிடுவார்கள். ஆக மொத்தம் தண்ணீரில் நகர்வது ஐந்தாறு மணி நேரம், அதில் மதியச் சாப்பாட்டுக்காக ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் நன்றாகத் தூங்கி, குளித்து, புதுசாக வந்திருக்க வேண்டும்.

அதனால் செவ்வாய் இரவு ஆலப்புழையில் 3,000 ரூபாய்க்குள் ஒரு ஹோம்ஸ்டேயில் தங்குங்கள். வீட்டுக்காரர்கள் மேல்மாடியில் இருந்துகொண்டு கீழே இரண்டு மூன்று அறை விடுவார்கள். காலையில் புட்டும் கடலைக் கறியும் கிடைக்கும். சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாம். இல்லையென்றால் படகுத்துறையில் நெடுமுடி, காவாலம் பக்கம் போகும் அரசுப் படகில் ஏறி உட்காருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிப் பையோடு பெண்களும் ஏறி இறங்குவார்கள். டிக்கெட் சில பத்து ரூபாய்தான். கடைசியாகத் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று மட்டும் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன்கிழமைப் படகு வாரஇறுதியை விட விலை குறைவு. ஓர் அறை மட்டும் உள்ள தனிப் படகு, எல்லாச் சாப்பாட்டோடும் 9,500-க்குள் பேசி முடிக்கலாம். "பெரிய படகு, விலை கம்மி" என்று யாராவது சொன்னால் அது இன்னொரு குடும்பத்தோடு பகிரும் படகாக இருக்கும், வேண்டாம். பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஏசி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? நிறையப் படகுகளில் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரைதான்; முழு நேர ஏசி என்றால் விலை வேறு, பிப்ரவரி பகலில் மேல்தட்டில் காற்று வருவதால் அது தேவையில்லை. இரவு எங்கே கட்டுவீர்கள்? பத்துப் படகு வரிசையாக நிற்கும் இடத்தில் கட்டினால் பக்கத்துப் படகின் பாட்டுச் சத்தமும் ஜெனரேட்டர் சத்தமும் உங்கள் படுக்கைக்கு வரும். தனியாகக் கரையோரம் கட்டச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான் ஏறப்போகும் இதே படகை வீடியோ காலில் காட்ட முடியுமா? போட்டோவில் ஒரு படகு, துறையில் வேறு படகு என்பது அங்கே அடிக்கடி நடக்கும் சண்டை. கேரள சுற்றுலாத் துறையின் கோல்டு ஸ்டார், சில்வர் ஸ்டார் சான்று உள்ள படகு என்றால் இன்னும் நல்லது.

அடுத்து உங்கள் சர்ப்ரைஸ். ஊரை மறைக்காதீர்கள். ஆசை புரிகிறது, ஆனால் எங்கே போகிறோம் என்று தெரியாத பெண் எப்படிப் பெட்டி கட்டுவார்? மூணாறு இரவுக்கு ஸ்வெட்டரும் சாக்ஸும் வேண்டும், மூன்றே நாள் கழித்து ஆலப்புழையில் 33 டிகிரி, வியர்வை வழியும், காட்டன் வேண்டும். மெட்டில் ஏற ஷூ, படகுக்குச் செருப்பு. அவர் அம்மா கேட்கும்போது "தெரியலம்மா" என்று சொல்ல வேண்டிய நிலையில் அவரை வைக்கவும் வேண்டாம். அறிமுகமாகிச் சில மாதமே ஆன ஒருவரோடு முதன்முறையாகத் தனியாகப் போகிறார், எங்கே, எத்தனை நாள், எந்த அறை என்று தெரிந்தால் அவருக்கும் நிம்மதி. அறையை அவரே படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

உடம்பைப் படுத்துகிற எதையும் சர்ப்ரைஸாக வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழுக்குமலை சூரிய உதயம் நிறையப் பேர் இப்படி ஏற்பாடு செய்வது. அருமையான இடம்தான், ஆனால் விடியற்காலை நாலு மணிக்குச் சூரியநெல்லியில் ஜீப் ஏறி, கல்லும் பள்ளமுமான பாதையில் உடம்பு குலுங்கக் குலுங்க மேலே போக வேண்டும். தூங்க வேண்டும் என்று கேட்ட பெண்ணை மூன்று மணிக்கு எழுப்பி அதில் உட்கார வைப்பது பரிசு ஆகாது. கேட்டுவிட்டு, அவர் ஆசைப்பட்டால் திங்கள் காலை போங்கள். அப்படிப் போனால் டாப் ஸ்டேஷனை விட்டுவிடுங்கள்.

ஹோட்டல்கள் விற்கும் "ஹனிமூன் இன்க்ளூஷன்" என்பதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கட்டிலில் ரோஜா இதழில் இதயம், ஒரு கேக், மெழுகுவர்த்தி டின்னர், இதற்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை வாங்குவார்கள். முதல் நாள் பயணம் செய்து அலுத்துப்போய் அறைக்குள் நுழைந்தால், படுப்பதற்கு முன் அந்த இதழையெல்லாம் கூட்டித் தள்ள வேண்டியிருக்கும். அது இல்லாத சாதாரண அறைக்கு என்ன விலை என்று தனியாகக் கேட்டால் குறைத்துத் தருவார்கள்.

அதற்குப் பதில் சர்ப்ரைஸுக்கென்று 5,000 ரூபாய் ஒதுக்கி, அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு 2,500 கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவருக்கு ஒன்று, அவர் உங்களுக்கு ஒன்று. எதற்குச் செலவு செய்தாய் என்று கேட்கக் கூடாது. எப்போதும் கணவன்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், மனைவி ஆச்சரியப்பட வேண்டும் என்றால் இரண்டு பேருக்குமே அது பாரம்.

உங்கள் பங்குக்கு ஒரு யோசனை சொல்கிறேன். படகு கட்டியிருக்கும் இடத்துக்குப் புதன் இரவே படகுக்காரரிடம் சொல்லி, வியாழன் காலை ஆறரைக்கு ஒரு சின்ன வள்ளத்தை வரவழையுங்கள். கையால் துழாவிப் போகிற மரத்தோணி. பெரிய படகு நுழைய முடியாத குறுகிய வாய்க்கால்களுக்குள் அது போகும். குட்டநாட்டில் வயல் வாய்க்காலை விடத் தாழ்வாக இருக்கும். பிப்ரவரியில் நெற்பயிர் பச்சையாக நிற்கும், தோணியில் உட்கார்ந்தபடி கரைக்கு அந்தப்பக்கம் கீழே இறங்கிக் கிடக்கும் வயலைப் பார்க்கலாம். வீட்டுப் படித்துறையில் பாத்திரம் துலக்குகிறவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். இன்ஜின் சத்தம் இல்லை. எட்டு மணிக்குள் டிபனுக்குத் திரும்பிவிடலாம். ஒரு மணி நேரத்துக்கு 1,000 ரூபாயைத் தாண்டாது, தொகையை முந்தின இரவே பேசிவிடுங்கள். அவர் முந்தின நாள் நன்றாகத் தூங்கியிருப்பார், போட்டிருக்கும் உடுப்போடு வரலாம், எதற்கும் தயாராக வேண்டியதில்லை. மீதிப் பணத்தில் புதன் மதியம் துறையோரக் கடையில் நல்ல கரிமீனாகப் பார்த்து வாங்கி, வாழையிலையில் சுற்றி வறுக்கச் சொல்லிச் சமையல்காரரிடம் கொடுங்கள். படகுச் சாப்பாட்டில் வருவது பெரும்பாலும் சின்ன மீன். மீன் சாப்பிடாதவர் என்றால் உங்கள் யோசனை வேறாக இருக்கட்டும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் போக வர ரயில், போடியிலிருந்து டாக்ஸி, திங்கள்கிழமை வண்டி, மூணாறு முதல் ஆலப்புழை வண்டி எல்லாம் சேர்த்து 19,500. மூணாறு மூன்று இரவு, ஹோம்ஸ்டே, படகு சேர்த்து 27,500. படகைத் தவிர்த்த சாப்பாடும், சின்னச் சின்ன டிக்கெட்டும், ஆட்டோவும் 11,000. சர்ப்ரைஸ் 5,000. இது 63,000 ஆகிறது. மீதி 7,000-த்தைத் தனியாக இன்னொரு கணக்கில் போட்டுவிடுங்கள், அது ரயில் தவறினால், உடம்பு சரியில்லாமல் போனால் எடுப்பதற்கு. ஷாப்பிங் என்று யார் கேட்டாலும், ஏலக்காய், டீத்தூள், சிப்ஸ் உட்பட, அது சாப்பாட்டுப் பணத்தில் மிஞ்சியதிலிருந்துதான். சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு பாக்கெட் என்று ஆரம்பித்தால் ஒரே கடையில் நாலாயிரம் போய்விடும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து என்ன வாங்குவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

புக் செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் போடி ரயில், அதில் உறுதியான டிக்கெட் கிடைத்த அன்றே மூணாறு அறை, அப்புறம் படகு, கடைசியில் ஹோம்ஸ்டே. திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு ஆறு நாள் கழித்துத்தான் திறக்கும், மறந்துவிடாதீர்கள். அறைக்கும் படகுக்கும் முழுப் பணத்தை முன்பே கேட்டால் கொடுக்காதீர்கள். கால்வாசியிலிருந்து பாதி வரை முன்பணம், எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஹோட்டல் பெயரில் இருக்கும் கணக்குக்கு அனுப்புங்கள். தனி ஆள் பெயரில் யுபிஐ எண் வந்தால், ஹோட்டலுக்கே போன் செய்து கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

போடி ரயிலில் இடம் கிடைக்காமல் வெயிட்டிங் லிஸ்ட் என்று வந்தால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதே வெள்ளி இரவு எழும்பூரிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரை வரை எடுத்துவிடுங்கள். விடியற்காலை மதுரையில் இறங்கினால் தேனி, போடி வழியாக மூணாறுக்கு 155 கிலோமீட்டர், வழியில் டிபனோடு நாலரை மணி நேரம். டாக்ஸிக்குக் கூடுதலாக மூவாயிரம் ஆகும், அதை அந்த ஏழாயிரத்திலிருந்து எடுங்கள். அறைக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: காலை பதினொன்றுக்கே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள், செக்-இன் மதியம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு என்று வைத்திருந்தால் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார வேண்டிவரும்.